மாஸ்க் அளவு எடுப்பது எப்படி? முக நீளமும் மூக்குத்தண்டின் அகலமும்

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறையில் கிரைண்டிங் வேலை செய்யும் தம்பி ஒருவர், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினார். மூக்கின் இரண்டு பக்கமும் மை தீட்டினாற்போல் கறுப்பாக இரண்டு கோடுகள். கண்ணின் உள் மூலையில் ஆரம்பித்து, மூக்கை ஒட்டியபடியே நாசித் துவாரம் வரை இறங்கியிருந்தன. கன்னத்திலும் மோவாயிலும் மாஸ்க் அழுத்திய தடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"பட்டையை நல்லா இறுக்கித்தான் கட்டினேன் அண்ணே" என்றார். பொய்யில்லை. காதுக்குப் பின்னால் பட்டை பதிந்த பள்ளமே சாட்சி. அப்படி இறுக்கிக் கட்டியும் இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. போன வழியையும் அதுவே கோடு போட்டுக் காட்டிவிட்டது.

அவர் போட்டிருந்தது ரப்பர் விளிம்பும் இரண்டு பக்கமும் ஃபில்டரும் உள்ள அரைமுக மாஸ்க். மூக்கு, வாய், மோவாய் மூன்றையும் மூடும், கண்ணை மூடாது. இந்த வகை பெரும்பாலும் ஸ்மால், மீடியம், லார்ஜ் என மூன்று அளவில் வரும். எங்கள் ஸ்டோரில் அப்போது இருந்தது மீடியம் மட்டும்தான். எல்லாருக்கும் மீடியம், கேட்டால் "அதுதாங்க காமன் சைஸ்" என்ற பதில். பூட்ஸுக்கு நம்பர் கேட்டு வாங்கித் தருகிற அதே ஸ்டோரில் மாஸ்க்குக்கு யாரும் நம்பர் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் எதை அளப்பது என்று எங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், ஓர் ஓட்டை எவ்வளவு கெடுதல் செய்யும் என்று பார்த்துவிடுவோம். நல்ல ஃபில்டர் என்றால் தூசியில் 99.97 சதவீதம் வரை நிறுத்திவிடும். அதாவது பத்தாயிரம் துகள் வந்தால் மூன்றுதான் தப்பிக்கும். ஆனால் நாம் இழுக்கும் மூச்சில் 5 சதவீதம் ஃபில்டர் வழியாக வராமல் மூக்கோர இடுக்கு வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5 சதவீதக் காற்றை எதுவும் வடிகட்டவில்லை. பத்தாயிரத்தில் ஐந்நூறு துகள் அப்படியே உள்ளே போய்விடும். ஃபில்டர் விட்ட மூன்று எங்கே, இடுக்கு விட்ட ஐந்நூறு எங்கே?

"அப்படியென்றால் இன்னும் நல்ல ஃபில்டர் போடுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். இதில்தான் வேடிக்கை. ஃபில்டர் அடர்த்தியானால் அதன் வழியே மூச்சு இழுப்பது கடினமாகும். காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும், ஆகவே இடுக்கு வழியாகப் போகும் பங்கு இன்னும் கூடிவிடும். விளிம்பு முகத்தோடு ஒட்டவில்லை என்றால் விலை உயர்ந்த ஃபில்டர் வாங்குவது காசுக்குக் கேடு.

சரி, விளிம்பு ஒட்ட வேண்டுமானால் முகத்தில் எதை அளக்க வேண்டும்? ஆரம்பத்துக்கு இரண்டு அளவு போதும். முக நீளம், மூக்குத்தண்டின் அகலம்.

முக நீளம் என்றால் நெற்றியிலிருந்து மோவாய் வரை என்று நினைத்துவிடாதீர்கள். மாஸ்க்குக்கு நெற்றியோடு வேலை இல்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவே, மூக்கு ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். விரலை நெற்றியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினால் தானாகப் போய் நிற்கும் இடம் அது. அங்கிருந்து மோவாயின் அடிநுனி வரை உள்ள நேர்க்கோட்டுத் தூரம்தான் முக நீளம். அடிநுனி என்றால் மோவாயின் முன்பக்கம் இல்லை. கீழிருந்து தொட்டால் எலும்பு தட்டுப்படுமே, அந்த இடம்.

அளக்கும்போது எதிரே உள்ளவர் நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் மூடியிருக்க வேண்டும், பல்லோடு பல் லேசாகத் தொட்டால் போதும். வாய் சற்றே திறந்தாலும் தாடை இறங்கி, இல்லாத நீளம் வந்து சேர்ந்துவிடும். சிரிக்க வைக்காதீர்கள். முகத்துக்கு நேரே ஒருவர் கருவியை நீட்டியதும் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும், அது வேறு விஷயம்.

தையல்காரர் டேப்பை மூக்கின் மேல் வளைத்து அளப்பது இன்னொரு தவறு. டேப் மூக்கின் மேடு ஏறி இறங்கும். நேர்த்தூரத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். பட்டறையில் இருக்கும் வெர்னியர் காலிபரே இதற்குச் சரியான கருவி. ஆனால் அதன் நுனி கண்ணுக்குப் பக்கத்தில் போகிறது. பிளாஸ்டிக் காலிபராக எடுங்கள், நுனி இரண்டிலும் டேப் சுற்றுங்கள், அளக்கப்படுபவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மூன்று முறை எடுத்துப் பாருங்கள். மூன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கினால் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் தாவினால் பள்ளத்தை நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் தொடுகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது மூக்குத்தண்டின் அகலம். அதே பள்ளத்தின் மட்டத்தில், கண்களின் உள் மூலைகளுக்கு நடுவே, மூக்கெலும்பு இரண்டு பக்கமும் சரியத் தொடங்கும் இடங்களுக்கு இடைப்பட்ட தூரம். பார்க்க எளிதாகத் தெரிந்தாலும் இதுதான் தொல்லை பிடித்த அளவு. சரிவு எங்கே தொடங்குகிறது என்பது பலருக்குத் தெளிவாக இருக்காது. காலிபரைச் சற்று அழுத்தினாலே ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிடும். 115 மில்லிமீட்டர் முக நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 17 மில்லிமீட்டர் அகலத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் என்பது ஆறு சதவீதம். அதனால் நான் இந்த எண்ணை எண்ணாகவே நம்புவதில்லை. ஒடுக்கம், நடுத்தரம், அகலம் என்று மூன்று வகையில் எதில் விழுகிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

இன்னொரு கைவேலையும் செய்வேன். பழைய என்95 மாஸ்க்கின் மேல்விளிம்பில் வளையக்கூடிய உலோகப் பட்டை ஒன்று இருக்குமே, அதை உரித்து எடுத்து, முனை குத்தாமல் டேப் சுற்றி, மூக்குத்தண்டின் மேல் வைத்து இரண்டு கை விரலாலும் மெதுவாக அழுத்திப் படிய வைப்பேன். பிறகு வளைவு கலையாமல் எடுத்து ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்துகொள்வேன். அகலம் மட்டுமல்ல, தண்டு எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பதும் தாளில் தெரிந்துவிடும். காலிபர் சொல்லாத சேதி அது. ஒரே அகலம் உள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு மூக்குத்தண்டு கூரைபோல நிற்கும், இன்னொருவருக்குத் தட்டையாக இருக்கும். ஒரே மாஸ்க் இருவருக்கும் பொருந்தாது.

இந்த இரண்டு அளவுக்கும் வேலை வேறு. முக நீளம் மாஸ்க்கின் அளவைச் சொல்லும்: ஸ்மாலா, மீடியமா, லார்ஜா. மூக்குத்தண்டு மாஸ்க்கின் மாடலைச் சொல்லும்: எந்தக் கம்பெனி, எந்த வடிவம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. மூக்கோரம் காற்று போகிறதா, இன்னும் பெரிய சைஸ் கொடு என்பார்கள். பெரிய சைஸ் கொடுத்தால் மூக்கு இடத்தில் மட்டும் பெரிதாகாது, எல்லாப் பக்கமும் பெரிதாகும்.

தம்பியின் கதைக்கு வருவோம். மறுநாள் காலை டூல்பாக்ஸ் மீட்டிங் முடிந்ததும் அவரை உட்கார வைத்து அளந்தேன். முக நீளம் மூன்று முறையும் 108, 109, 109. மூக்குத்தண்டு ஏறத்தாழ 20. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அமெரிக்காவில் 2003-இல் மாஸ்க் அணியும் தொழிலாளர்கள் 3,997 பேரின் முகத்தை அளந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். அதில் ஆண்களின் சராசரி முக நீளம் ஏறத்தாழ 123 மில்லிமீட்டர், பெண்களுக்கு 113. மூக்குத்தண்டின் அகலம் இருபாலருக்குமே சராசரி 16, 17-தான். ஆக, நம் தம்பியின் முகம் அங்குள்ள பெண்களின் சராசரியைவிடவும் குட்டை, மூக்குத்தண்டோ நல்ல அகலம்.

இதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை. மாஸ்க் எந்த முகத்தை நினைத்துச் செய்யப்பட்டது என்பதுதான் கேள்வி. நெடுங்காலம் மாஸ்க்குகளைச் சோதிக்க வைத்திருந்த முக அளவு அட்டவணை 1967, 68-இல் அமெரிக்க விமானப்படையினரை அளந்து பெற்றது. இளம் வயது ராணுவ முகங்கள். 2003 ஆய்வுக்குப் பிறகுதான் புதிய அட்டவணை வந்தது. 2006-இல் சீனாவில் 3,000 தொழிலாளர்களை அளந்தபோது, அவர்களின் முகம் அமெரிக்கர்களுடையதைவிடக் குட்டையாகவும் அகலமாகவும், மூக்கு குறைவாக எழும்பியும் இருந்தது. சிங்கப்பூரில் ஒரே பட்டறையில் சீனர், மலாய்க்காரர், தமிழர், பங்ளாதேஷ்காரர் எல்லாரும் வேலை செய்கிறோம். ஒரே பெட்டி மீடியம் எல்லாருக்கும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய தவறுதானே தவிர முகத்தின் தவறில்லை.

புதிய அட்டவணையை இணையத்தில் பார்த்துவிட்டுச் சிலர் குழம்புவார்கள், அதனால் ஒரு வார்த்தை. அது முக நீளத்தை 98.5 முதல் 138.5 மில்லிமீட்டர் வரை பத்துப் பத்து மில்லிமீட்டராகப் பிரித்து, முக அகலத்தோடு சேர்த்துக் கட்டம் போட்டிருக்கும். அது மாஸ்க்கைச் சோதிக்க ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அட்டவணை. ஆளுக்கு மாஸ்க் தேர்ந்தெடுக்க உதவும் அட்டவணை அல்ல. உங்கள் கட்டம் இன்னது, ஆகவே நீங்கள் மீடியம் என்று அது சொல்லாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் ஸ்மாலுக்குச் சமமாக இருக்கலாம். அந்தந்த மாஸ்க்கோடு வரும் அளவு அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

தம்பியின் மாஸ்க்கோடு வந்த அட்டைப்படி 109 என்பது ஸ்மால். அப்படியென்றால் மீடியம் அவர் முகத்தில் என்ன செய்துகொண்டிருந்தது? போடச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அரைமுக மாஸ்க்கின் கீழ்ப்பகுதியில் ஒரு குழிவு உண்டு. மோவாய் அதில் போய் உட்கார வேண்டும். அவர் மோவாயைச் சரியாக உட்கார வைத்தபோது மாஸ்க்கின் உச்சி மேலே ஏறி, நேராக அந்தக் கண்ணிடைப் பள்ளத்தில் போய் நின்றது. உச்சி உட்கார வேண்டியது பள்ளத்துக்குக் கீழே, எலும்பு எழும்பி நிற்கும் மூக்குத்தண்டின் மேல். பள்ளத்தில் அதற்குப் பிடிமானமே இல்லை. இரண்டு பக்கமும் கண் மூலையை நோக்கி வாய் திறந்து நிற்கும். உச்சியைச் சரியான இடத்துக்கு இறக்கினால் கீழே மோவாய்க்கும் ரப்பருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைந்தது. முகத்தைவிட மாஸ்க் நீளம். எங்காவது ஓர் இடத்தில் மிச்சம் வந்துதானே தீரும்.

அவர் பட்டையை இறுக்கியதும் அதனால்தான். காற்று கண்ணில் அடித்தது, கண்ணாடி பனித்தது, இறுக்கினார். இறுக்க இறுக்க ரப்பர் கன்னத்தில் மடிந்ததே தவிர மூக்கோர இடுக்கு மூடவில்லை. அளவு தப்பான மாஸ்க்கைப் பட்டையால் திருத்த முடியாது. வேலை நேரத்தில் கண்ணாடி பனித்துக்கொண்டே இருக்கிறது, விடும் மூச்சு மேலே வந்து கண்ணிமையில் படுகிறது என்றால் மூக்குத்தண்டில் இடுக்கு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பேசும்போது மாஸ்க் நழுவினால் பெரும்பாலும் பிரச்சினை மோவாயில்.

இதற்கு நேர்மாறான முகமும் எங்களிடம் உண்டு. ஸ்டோர்க்காரர் நீளமுகக்காரர், 130-க்கு மேல். அவருக்கு மீடியத்தைப் போட்டால் உச்சி கீழே இறங்கி மூக்கின் மென்மையான பகுதியைக் கிள்ளியது. மோவாயும் குழிவுக்குள் போகாமல் அதன் விளிம்பில் ஏறி நின்றது. வாயை அகலத் திறந்ததும் மாஸ்க் எகிறியது. அவருக்கு லார்ஜ்.

தம்பிக்கு அதே கம்பெனி ஸ்மாலை வரவழைத்தோம். மோவாய் பொருந்தியது, உச்சியும் சரியான இடத்தில் நின்றது. முடிந்தது வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்த மாடலின் மூக்குப் பகுதி ஒடுக்கமான வடிவம், ஆங்கில V எழுத்தைத் தலைகீழாகப் பிடித்ததுபோல. 20 மில்லிமீட்டர் தண்டின் மேல் அது உட்காரும்போது V-யின் இரண்டு கால்களும் தண்டின் சரிவில் முட்டி நின்றுவிடுகின்றன. உள்ளே இறங்க முடியாமல் மாஸ்க் முன்னால் தள்ளப்படுகிறது. மூக்கு கன்னத்தோடு சேரும் மூலையில், இரண்டு பக்கமும் மெல்லிய இடைவெளி. ஒடுக்கமான மூக்குத்தண்டுக்கு அகலமான மூக்குப் பகுதி உள்ள மாஸ்க்கைப் போட்டால் இடைவெளி அதற்கு மேலே, கண் மூலையை ஒட்டி வரும். தண்டு தட்டையாக இருந்தால் நட்டநடுவே, தண்டின் மேலேயே வரும். இடுக்கு எங்கே என்பதை வைத்தே மூக்குக்கும் மாஸ்க்குக்கும் என்ன சண்டை என்று ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தால் இந்த இடைவெளி தெரியாது. கையால் செய்யும் சோதனையில்தான் தெரிந்தது. இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுத்து, பத்து விநாடி அப்படியே நிறுத்த வேண்டும். மாஸ்க் முகத்தை நோக்கி லேசாகச் சுருங்கி, அப்படியே நிற்க வேண்டும். மெல்ல விரிந்தால் எங்கோ காற்று நுழைகிறது. அடுத்து, முன்னால் இருக்கும் வெளிமூச்சு வால்வை மூடிக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். உள்ளே சற்று அழுத்தம் கூட வேண்டும், விளிம்பில் எங்கும் காற்று கசியக்கூடாது. இரண்டிலும் 'மெதுவாக' என்பதுதான் முக்கியம். பலமாக இழுத்தால் அந்த இழுவையே மாஸ்க்கை முகத்தோடு ஒட்டவைத்து இடுக்கை மறைத்துவிடும். தம்பி முதல் தடவை அப்படித்தான் இழுத்தார், "ஓகே அண்ணே" என்றார். மெதுவாக இழுக்கச் சொன்னபோது மூக்கோரமாகச் சில்லென்று காற்று வந்ததை அவரே உணர்ந்தார்.

இந்தச் சோதனையை மாஸ்க் போடும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஆனால் இது மட்டும் போதாது. எந்த மாஸ்க் உங்களுக்கு என்று முடிவு செய்வது ஃபிட் டெஸ்ட்தான். காலிபர் அளவு எத்தனை துல்லியமாக இருந்தாலும் அது எந்த மாஸ்க்கை முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லும். முகம் இரண்டு எண்ணில் அடங்காது. கன்ன எலும்பு, உதட்டின் அகலம், தாடையின் வடிவம் எல்லாம் விளிம்புக்குக் கீழே இருக்கின்றன.

நாங்கள் செய்தது கசப்பு மருந்து வைத்துச் செய்யும் ஃபிட் டெஸ்ட். பிட்ரெக்ஸ் என்ற திரவம், நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்தைத் தோற்கடிக்கும் கசப்பு. அதற்கு முன் கால் மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக்கூடாது. வெற்றிலை போட்ட வாயோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதலில் மாஸ்க் இல்லாமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் கூடாரத்தை மாட்டி, நீர்த்த திரவத்தைப் பீய்ச்சுவார்கள். வாயைத் திறந்து மூச்சுவிட வேண்டும். பத்து தடவை அமுக்குவதற்குள் கசப்பு தெரிந்தால் சரி. இல்லையென்றால் இருபது, முப்பது. முப்பதுக்கும் தெரியவில்லை என்றால் உங்கள் நாக்கு இந்தச் சோதனைக்கு ஆகாது, வேறு முறைதான். வாயைக் கொப்பளித்த பிறகு மாஸ்க் போட்டு, ஐந்து நிமிடம் பழகவிட்டு, மறுபடி கூடாரத்துக்குள். இப்போது பீய்ச்சுவது முன்பைவிடப் பல மடங்கு செறிவான திரவம். ஏழு பயிற்சி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்: சாதாரண மூச்சு, ஆழ்ந்த மூச்சு, தலையை இடம் வலமாகத் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, பேசுவது, குனிந்து நிமிர்வது, மறுபடி சாதாரண மூச்சு. நடுவில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கூடுதலாகப் பீய்ச்சுவார்கள். எந்தக் கட்டத்தில் கசந்தாலும் தேறவில்லை.

தம்பி ஸ்மாலோடு முதல் இரண்டு நிமிடம் தாண்டினார். மூன்றாவதில், தலையை வலப்பக்கம் திருப்பியதும் முகம் கோணியது. "கசக்குது." அவ்வளவுதான். நேராகப் பார்த்திருந்தவரை எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த மாஸ்க், கழுத்து திரும்பியபோது மூக்கோரத்தில் விலகிவிட்டது. கிரைண்டிங் செய்கிறவர் நாள் முழுக்க நேராகவா பார்த்துக்கொண்டிருக்கப்போகிறார்?

மூன்றாவதாக வேறொரு கம்பெனியின் ஸ்மால். மூக்குப் பகுதி சற்று அகலம், விளிம்பு சிலிகான், மெல்லிதாக உள்பக்கம் மடிந்திருக்கும். அவருடைய பென்சில் கோட்டின் மேல் மாஸ்க்கின் மூக்குப் பகுதியைப் பிடித்துப் பார்த்தபோதே கிட்டத்தட்டப் பொருந்தியது. ஏழு நிமிடமும் கசக்கவில்லை. அரைமுக மாஸ்க்குக்கு இந்தச் சோதனையில் தேறினால் ஃபிட் ஃபாக்டர் குறைந்தது 100 என்று கொள்வார்கள். வெளியே நூறு பங்கு தூசி இருந்தால் உள்ளே ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று பொருள். ஆனால் வேலையில் அந்த மாஸ்க்கை நம்பிப் போடும் கணக்கு பத்து மடங்குதான். வியர்வை, அசைவு, அவசரத்தில் கோணலாகப் போடுவது என்று நாள் முழுக்க நடக்கும் பிசகுகளுக்கு விட்ட இடைவெளி அது.

இங்குள்ள வெக்கையில் வியர்வை ஒரு தனிக் கதை. வியர்வையை உறிஞ்சட்டும் என்று மாஸ்க்குக்குக் கீழே கைக்குட்டை வைத்துக் கட்டுகிறவர்களை எத்தனையோ பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். துணி என்பது விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே போட்ட பாலம்; அதன் வழியாகத் தூசி தாராளமாக வரும். மூக்கோர இடுக்கில் டிஷ்யூ திணிப்பதும், பஞ்சை ஒட்டுவதும் அதே ரகம். இடைவேளையில் வெளியே வந்து, கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, இரண்டு கைச் சோதனையையும் செய்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தாடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அளவெல்லாம் எடுத்த பிறகு இதில்தான் காலை வாரும். விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் எந்த அளவு மாஸ்க்கும் ஒட்டாது. ஒரு நாள் மழிக்காத முடியே போதும். மீசை விளிம்புக்குள் அடங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் விரத நாட்களில் மழிப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காலத்தில் எங்கள் பட்டறையில் இரண்டு மூன்று பேராவது தாடியோடு இருப்பார்கள். விரதத்தைக் கலைக்கச் சொல்ல முடியாது, அந்த முகத்தில் மாஸ்க்கை ஒட்டவைக்கவும் முடியாது. மோட்டார் வைத்துக் காற்றை ஊதும் தளர்வான தலைக்கவசம் இருந்தால் அதைக் கொடுப்போம். இல்லையென்றால் அத்தனை நாளும் தூசி இல்லாத வேலைக்கு மாற்றிவிடுவோம்.

அக்கா தங்கச்சிகள் கேட்பது மூக்குத்தி. மூக்கு மடலில் ஒட்டியிருக்கும் சின்ன மூக்குத்தி அரைமுக மாஸ்க்கில் உள்ளே போய்விடும், விளிம்பு அதன்மேல் படாது. வளையமாகத் தொங்குவது மட்டும் மாட்டிக்கொள்ளும். மூக்குத்தண்டின் மேல் உட்காரும் கண்ணாடிதான் அதைவிடப் பெரிய இடைஞ்சல். முதலில் மாஸ்க், அப்புறம் கண்ணாடி. மாஸ்க்கைக் கண்ணாடி தள்ளாத இடத்தில். ஃபிட் டெஸ்ட்டையும் அந்தக் கண்ணாடியோடுதான் செய்ய வேண்டும்.

பட்டறை வேலை இல்லாதவர்களுக்கு இந்த விஷயம் புகைமூட்டக் காலத்தில் வரும். 2013 ஜூன் 21-ஆம் தேதி இங்கே காற்று மாசைக் காட்டும் பிஎஸ்ஐ குறியீடு 401-ஐத் தொட்டபோது என்95 மாஸ்க்குக்காக அலைந்தது பலருக்கு நினைவிருக்கும். பயன்படுத்தித் தூக்கிப்போடும் என்95-இலும் கணக்கு இதேதான், ஆனால் தேர்வு குறைவு. சில மாடல்களில் ஸ்மால் தனியாக உண்டு, பலவற்றில் ஒரே அளவுதான். மூக்குத்தண்டின் வேலையை அந்த உலோகப் பட்டை பார்த்துக்கொள்ளும், அதுவும் இரண்டு கை விரலாலும் நடுவிலிருந்து இரு பக்கமும் படிய அழுத்தினால். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூர்மையாக மடிந்து, தண்டின் இரண்டு பக்கமும் கூடாரம்போல் தூக்கிக்கொள்ளும். முக நீளத்துக்கு அந்தப் பட்டை ஒன்றும் செய்யாது. பெரியவர்களின் அட்டவணையே 98.5 மில்லிமீட்டரில் ஆரம்பிக்கிறது. சின்னப் பிள்ளைகளின் முகம் அதற்கும் கீழே. அப்பாவின் மாஸ்க்கைப் பிள்ளைக்கு மாட்டிவிடுவதில் பலன் இல்லை.

தம்பியின் மாஸ்க் பையில் இப்போது மார்க்கரால் கம்பெனி பெயர், மாடல், 'ஸ்மால்', டெஸ்ட் செய்த தேதி எல்லாம் எழுதியிருக்கிறது. டெஸ்ட் தேறியது அந்த மாடலுக்கு, அந்த அளவுக்கு மட்டும்தான். மாடல் மாறினால் மறுபடி. மாறாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை. எடை நன்றாக ஏறினாலோ இறங்கினாலோ, கடைவாய்ப் பல் பிடுங்கினாலோ, பல்செட் கட்டினாலோ ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் இரண்டு மாதம் அம்மா கைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தார். பட்டறை வாசலில் பார்த்ததுமே, "வா தம்பி, முதலில் கூடாரத்துக்குள் போ" என்றேன். "மறுபடியும் கசப்பா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே போனார். கன்னம் உப்பியிருந்தாலும் எலும்பு மாறவில்லை. நீளம் அதே 109. ஏழு நிமிடமும் கசக்கவில்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பையில் பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன்.